கேதச் செய்திக்குச் சிரிப்பு எமோஜி விழுந்துவிட்டால்: வாட்ஸ்அப் ரியாக்‌ஷனை எடுப்பதும் மாற்றுவதும்

பதறிப்போய் இதைத் திறந்தவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எமோஜி தவறி விழுந்த அந்த மெசேஜை உங்கள் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். எமோஜியை எடுக்க அந்த மெசேஜ் உங்கள் போனில் இருந்தாக வேண்டும். அழித்துவிட்டால் உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் அது மறையும். மற்ற எல்லோருடைய போனிலும் உங்கள் பெயரோடு அந்தச் சிரிப்பு அப்படியே நிற்கும், அதை எடுக்கும் வழியும் உங்களுக்கு அடைபட்டுவிடும்.

நான் அரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே மாற்ற, சார்ஜ் ஏறவில்லை என்று காட்ட வருகிறவர்களுக்கு நடுவில், மாதத்துக்கு நாலைந்து பேராவது இந்த எமோஜி விஷயமாக வந்துவிடுகிறார்கள். அவர்கள் என்ன சொல்லிக்கொண்டு வருகிறார்களோ அதையே தலைப்பாக வைத்து, அதற்கு என்ன செய்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். உங்கள் சிக்கல் எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போய்விடலாம். ஆனால் நேரம் இருந்தால் முதல் பகுதியை முழுதாகப் படித்துவிடுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

“அழுகை போட்டேன், சிரிப்பு விழுந்துருச்சு”

இதுதான் அதிகமாக வருவது. என் குடும்பத்திலேயே நடந்தது.

எங்கள் பங்காளி வகையறா குரூப்பில் நூற்றுப்பத்துப் பேருக்கு மேல் இருக்கிறோம். உசிலம்பட்டியில் இருந்த பெரியப்பா ஒருநாள் விடியற்காலையில் தவறிவிட்டார். அவர் மகன், எனக்கு அண்ணன் முறை, ஐந்தே முக்காலுக்குக் குரூப்பில் செய்தி போட்டார். எத்தனை மணிக்கு எடுக்கிறோம், எங்கே வர வேண்டும் என்று நாலு வரி. ஆறு மணிக்குள் கீழே வரிசையாகக் கும்பிடும் அழுகையும் விழுந்திருந்தன. அதற்கு நடுவில் ஒரே ஒரு 😂. தொட்டுப் பார்த்தால் செல்லூர் அத்தையின் பெயர்.

அத்தைக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. தன் அண்ணனான பெரியப்பா மேல் உயிரை வைத்திருந்தவர். போன் போட்டேன்.

“அத்தை, குரூப்புல பெரியப்பா சேதிக்கு என்ன போட்டீங்க?”

“அழுகுற பொம்மைதான்டா போட்டேன். கண்ணுல தண்ணி வருதுல்ல, அது.”

கண்ணில் தண்ணீர் வருவது உண்மைதான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. ஒரு மெசேஜை அழுத்திப் பிடித்தால் மேலே வருகிற வரிசையில் வழக்கமாக ஆறு எமோஜிகள் நிற்கும்: 👍 ❤️ 😂 😮 😢 🙏. வாட்ஸ்அப் 2022 மே மாதம் இந்த வசதியைக் கொண்டுவந்தபோது இந்த ஆறு மட்டும்தான் இருந்தன. அந்த ஜூலையிலிருந்து கடைசியில் இருக்கும் + குறியைத் தொட்டு எந்த எமோஜியையும் போடலாம் என்று ஆனது. இந்த ஆறில் இரண்டு முகங்களுக்குக் கண்ணீர் உண்டு. மூன்றாவதாக இருப்பது விழுந்து விழுந்து சிரித்ததில் வருகிற கண்ணீர், இரண்டு கண்ணிலும் பெரிதாக இருக்கும். ஐந்தாவதாக இருப்பது அழுகை, ஒரே ஒரு சொட்டுதான், அதுவும் சின்னதாக. வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் விடியற்காலை இருட்டில் பார்க்கிறவருக்கு முதலில் கண்ணில் படுவது பெரிய கண்ணீர். அத்தை எடுத்ததும் அதைத்தான். இதைத் தெரியாத்தனம் என்று வைய்வதில் நியாயமே இல்லை. பார்க்கிறவரின் கண்ணைப் பற்றி யோசிக்காமல் வைத்த படம் அது.

சரி, எடுக்கும் முறைக்கு வருகிறேன். இரண்டு வழி உண்டு.

ஒன்று, மாற்றுவது. அதே மெசேஜை மறுபடியும் அழுத்திப் பிடியுங்கள். எமோஜி வரிசை வரும். நீங்கள் ஏற்கெனவே போட்டதன் பின்னால் ஒரு வட்டம் தெரியும். இப்போது சரியான எமோஜியைத் தொட்டால் பழையது போய்ப் புதியது அந்த இடத்தில் உட்காரும். ஒரு மெசேஜுக்கு ஒருவர் ஒரு ரியாக்‌ஷன்தான் போட முடியும் என்பதால், இரண்டும் சேர்ந்து நிற்குமோ என்ற பயம் வேண்டாம். மெசேஜைத் திருத்தினால் திருத்தியது என்று பக்கத்தில் எழுதுகிறதே, அந்த மாதிரி அடையாளம் எதுவும் இதில் விழாது. கேதச் செய்திக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன். ஒரே தொடுதலில் தவறும் போய்விடும், நாம் சொல்ல நினைத்த துக்கமும் போய்ச் சேர்ந்துவிடும்.

இரண்டு, அடியோடு எடுப்பது. மெசேஜுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் எமோஜியையே ஒருமுறை மெதுவாகத் தொடுங்கள், அழுத்திப் பிடிக்க வேண்டாம். அடியிலிருந்து ஒரு பட்டியல் மேலே வரும். யார் யார் என்ன போட்டார்கள் என்று பெயரோடு இருக்கும். அதில் உங்கள் வரியின் கீழே `Tap to remove` என்று எழுதியிருக்கும். போனைத் தமிழில் வைத்திருந்தால் அதே இடத்தில் தமிழில் இருக்கும். அந்த வரியைத் தொட்டால் போய்விடும். முதல் வழியில் வட்டம் போட்டிருக்கும் அதே எமோஜியைத் திரும்பத் தொட்டாலும் இப்படித்தான் எடுபடும். ஆனால் + வழியாகத் தேடிப் போட்ட எமோஜி என்றால் வரிசையில் கண்டுபிடிக்கத் தடுமாறுவார்கள், அதனால் கடையில் நான் பட்டியல் வழியையே காட்டிக் கொடுக்கிறேன்.

அத்தைக்குப் போனிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. எமோஜியின் படத்தைச் சொல்லி விளக்கினால் மறுபடி குழப்பம்தான் வரும். அதனால் இடத்தைச் சொன்னேன். “அத்தை, கடேசில கும்புடு இருக்கா? அதத் தொடுங்க. வேற எதையும் பாக்காதீங்க.” தொட்டார். சிரிப்பு போய்க் கும்பிடு வந்தது. வீட்டில் வயதானவர்களுக்குச் சொல்லித்தருகிறவர்கள் இப்படியே சொல்லுங்கள்: மூணாவது சிரிப்பு, கடேசி கும்புடு, கும்புடுக்கு முந்துனது அழுகை. துட்டி சேதிக்குக் கும்பிடு ஒன்றே போதும், அதற்குப் பக்கத்தில் தப்பாக விழுந்தாலும் அழுகைதான் விழும்.

“எடுத்துட்டேன், ஆனா அவங்க பாத்துருப்பாங்களா?”

எடுத்த பிறகு எல்லோரும் கேட்பது இது.

நீங்கள் எமோஜி போட்டால், அந்த மெசேஜை அனுப்பியவருக்கு மட்டும்தான் அறிவிப்பு மேலே வரும். நூறு பேர் குரூப்பாக இருந்தாலும் மற்ற தொண்ணூற்றெட்டுப் பேருக்குப் போன் சத்தம் போடாது. அவர்களாகக் குரூப்பைத் திறந்து, அந்த மெசேஜுக்குக் கீழே பார்த்து, தொட்டுப் பார்த்தால்தான் யார் போட்டது என்று தெரியும். நீங்கள் எடுத்தால் யாருக்கும் “இவர் எடுத்துவிட்டார்” என்று அறிவிப்பு போகாது. அதனால் சீக்கிரமே எடுத்துவிட்டால் அனுப்பியவர் ஒருவரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

அவர் பூட்டிய திரையில் அறிவிப்பைப் படித்திருந்தால், நாம் எடுத்ததால் அவர் பார்த்தது இல்லை என்று ஆகிவிடாது. அவர் பார்த்தாரா என்று தெரிந்துகொள்ளவும் வழி கிடையாது. மெசேஜுக்கு இருப்பது போல ரியாக்‌ஷனுக்கு நீல டிக் இல்லை. உசிலம்பட்டி அண்ணன் பார்த்திருந்தார். அத்தை அவருக்கே போன் போட்டு, “கண்ணு தெரியல ராசா, அழுகைன்னு நெனச்சு அதத் தொட்டுட்டேன்” என்று சொன்னார். “எனக்குத் தெரியாதா அத்தை” என்றார் அவர். இந்த மாதிரி நேரத்தில் குரூப்பில் விளக்கம் எழுதாதீர்கள். பார்க்காத நூறு பேரையும் கூப்பிட்டுக் காட்டுவது போல ஆகிவிடும். அனுப்பியவர் ஒருவரிடம் நேரே பேசினால் போதும்.

“அந்த மெசேஜையே டெலீட் பண்ணிட்டேன், இப்ப எப்படி எடுக்க?”

இது வந்தால்தான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் கையில் இருக்கிற வழி குறைவு.

நடப்பது இதுதான். அடுத்தவர் அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்துக் குப்பைக் கூடையைத் தொட்டால் `Delete for me` என்று வரும். பதற்றத்தில் அதைத் தொட்டுவிடுவார்கள். நம் போனில் மெசேஜ் காணாமல் போகும், அதோடு எமோஜியும் போகும், “அப்பாடா” என்று இருக்கும். ஆனால் அது நம் போனில் மட்டும் நடந்தது. அண்ணன் போனில், மதினி போனில், திருமங்கலத்துச் சித்தப்பா போனில் எல்லாம் மெசேஜும் இருக்கும், அதன் கீழே நம் பெயரில் சிரிப்பும் இருக்கும். சாட் முழுவதையும் துடைத்துவிட்டவர்களுக்கும் இதே கதைதான்.

ஏன் என்று தெரிந்துகொண்டால் மறுபடி செய்ய மாட்டோம். எமோஜி போடுவது ஒரு சின்ன மெசேஜ் அனுப்புவதுதான். “இன்ன மெசேஜுக்கு இன்ன எமோஜி” என்று நம் போன் எல்லோருக்கும் சொல்லி அனுப்புகிறது. எடுப்பதும் ஓர் அனுப்புதல்தான். “அந்த மெசேஜுக்கு இப்போது என் எமோஜி எதுவும் இல்லை” என்று சொல்லி அனுப்ப வேண்டும். அந்தச் சேதி போனால்தான் மற்ற போன்கள் எமோஜியைக் கழற்றும். `Delete for me` யாருக்கும் எதையும் சொல்லி அனுப்புவதில்லை. மூல மெசேஜ் நம் போனில் இல்லாததால், எதை அழுத்திப் பிடித்து எமோஜியை எடுப்பது?

அழித்து ஓரிரு விநாடிதான் ஆகிறது என்றால் தப்பிக்கலாம். திரையின் அடியில் `Undo` என்று ஒரு பட்டை சுமார் ஐந்து விநாடி நிற்கும். அதைத் தொட்டால் மெசேஜ் திரும்ப வரும். வந்ததும் மேலே சொன்னபடி எமோஜியை எடுங்கள்.

பட்டை போய்விட்டதென்றால் மெசேஜ் அனுப்பியவரிடமோ குரூப் அட்மினிடமோ போக வேண்டியதுதான். அனுப்பியவர் `Delete for everyone` கொடுத்தால் அந்த மெசேஜ் எல்லோர் போனிலும் அழியும், அதில் ஒட்டியிருந்த எமோஜிகளும் சேர்ந்து போகும். அட்மினும் அடுத்தவர் மெசேஜை எல்லோருக்கும் அழிக்க முடியும், ஆனால் அட்மின் அழித்தார் என்று அந்த இடத்தில் எழுதியிருக்கும். அனுப்பி இரண்டு நாள் சொச்சத்துக்குள் இதைச் செய்துவிட வேண்டும், அதற்கப்புறம் எல்லோருக்கும் அழிக்கும் வழி வராது.

கேதச் செய்தியை அழிக்கச் சொல்லிக் கேட்பது சங்கடம்தான். ஒருமுறை மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அண்ணனுக்கு இப்படி ஆனது. செய்தி போட்டவர் அவருடைய மச்சான். அவரை அழைத்து, முதலில் அந்த நாலு வரியைக் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னோம். பிறகு பழையதை எல்லோருக்கும் அழித்துவிட்டு, உடலை எடுக்கும் நேரத்தோடு புதிதாகப் போட்டார். காப்பி எடுக்காமல் அழித்திருந்தால், காரியத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பாதிப் பேருக்கு நேரம் தெரியாமல் போயிருக்கும். இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள்: முதலில் காப்பி, பிறகு அழிப்பு, உடனே மறுபதிவு.

குரூப்பை விட்டு வெளியேறினாலும் கதவு இதே மாதிரி அடைபடும். வெட்கத்தில் வெளியேறிவிட்டு வந்து நிற்பவர்கள் உண்டு. வெளியேறிய குரூப்புக்கு நம்மால் எதுவும் அனுப்ப முடியாது, எடுக்கும் சேதியையும்தான். மறுபடி சேர்த்துவிடச் சொல்லி, பழைய மெசேஜ் நம் போனில் இன்னும் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துவிட்டு வெளியேறுவது எப்போதும் நல்லது.

“என் போன்ல போயிருச்சு, மக போன்ல இன்னும் இருக்கு”

எடுப்பதும் ஓர் அனுப்புதல் என்றேனே, அதற்கு நெட் வேண்டும். சிக்னல் விட்டுவிட்டு வருகிற பஸ் பயணத்தில் எடுத்திருந்தால், நம் திரையில் போனதாகக் காட்டினாலும் சேதி வெளியே போகாமல் நிற்கலாம். நெட் வந்ததும் வாட்ஸ்அப்பைத் திறந்து அரை நிமிடம் விடுங்கள், போய்விடும். மகள் போனிலும் நெட் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் டேட்டாவை அணைத்து வைத்திருந்தால் நாம் போட்ட எமோஜி முன்பே வந்து சேர்ந்திருக்கும், எடுத்த சேதி இன்னும் வந்திருக்காது.

இரண்டிலும் நெட் இருந்தும் நிற்கிறது என்றால், நான் செய்வது இதுதான். நம் போனில் வேறு எமோஜி, கும்பிடு போல யாரையும் புண்படுத்தாத ஒன்று, அதைப் போட்டுவிட்டு, மகள் போனில் மாறுகிறதா என்று பார்ப்பேன். மாறினால் சேதி போகிறது என்று தெரிந்துவிடும். பிறகு அதை எடுப்பேன். மாறவே இல்லை என்றால் இரண்டு போனிலும் வாட்ஸ்அப்பை பிளே ஸ்டோரில் அப்டேட் செய்துவிட்டு மறுபடி.

எடுபட்டதா என்று உறுதி செய்ய நம் போனை நம்பாதீர்கள். அதே குரூப்பில் இருக்கும் வேறொருவர் போனில் பார்ப்பதுதான் சரியான சோதனை. அன்றைக்கு மதினி போனை வாங்கித்தான் அத்தையின் கும்பிடு வந்து சேர்ந்ததைப் பார்த்தேன்.

“ஃபார்வர்ட் பண்ணப் போனேன், எதுவோ ஒட்டிக்கிச்சு”

மெசேஜை அழுத்திப் பிடித்ததும் எமோஜி வரிசை விரல் பக்கத்திலேயே வந்து நிற்கும். விரலை எடுத்து அடுத்த தொடுதல் அதன் மேல் பட்டால் எமோஜி விழும். ஃபார்வர்ட் செய்ய அழுத்திப் பிடித்தபின், கையை எடுத்துவிட்டுத் திரையின் உச்சியில் இருக்கும் அம்புக்குறிக்கு நேராகப் போங்கள். வரிசை மறைத்தால் காலி இடத்தில் ஒருமுறை தொட்டால் அது போய்விடும். விழுந்துவிட்டால் எடுக்கும் வழி மேலே இருக்கிறது.

“நான் போட்டது காணோம்”

பெரும்பாலும் எங்கேயும் போயிருக்காது. நிறையப் பேர் எமோஜி போட்ட மெசேஜின் கீழே சில எமோஜிகளும் மொத்த எண்ணிக்கையும்தான் தெரியும். நாற்பது பேர் கும்பிடும் அழுகையும் போட்ட இடத்தில் உங்கள் ஒற்றை எமோஜி வெளியே தெரியாமல் உள்ளே இருக்கும். தொட்டுப் பட்டியலைத் திறந்தால் உங்கள் பெயர் இருக்கும். இதையே திருப்பிப் பார்த்தால் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: தவறான எமோஜி வெளியே தெரியவில்லை என்பதால் போய்விட்டது என்று இருந்துவிடக் கூடாது, பட்டியலைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

பட்டியலில் அடுத்தவர் வரியைத் தொட்டு அதை எடுக்க முயல்கிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்தவர் போட்டதை நம்மால் எடுக்க முடியாது, அட்மினாக இருந்தாலும் முடியாது. அட்மினால் ஆவது மெசேஜை முழுதாக அழிப்பது ஒன்றுதான்.

“அட்மினுக்கு மட்டும்தான தெரியும்னு நெனச்சேன்”

இது அழுகை, சிரிப்பு விவகாரத்தைவிடக் கொஞ்சம் ஆழமானது, ஏனென்றால் இங்கே விரல் தவறவில்லை, நினைப்புதான் தவறியது.

பள்ளிக்கூடத்துக் குரூப், தெருக் குடியிருப்போர் குரூப், சீட்டு குரூப் என்று பல இடங்களில் அட்மின் மட்டும் மெசேஜ் போடலாம் என்று வைத்திருப்பார்கள். மற்றவர்களால் எழுத முடியாது, ஆனால் எமோஜி போட முடியும். எழுத முடியாத இடத்தில் எமோஜிதான் ஒரே வாய் என்பதால் அங்கே கோபத்தை எல்லாம் எமோஜியில் காட்டுவார்கள். ஒரு பள்ளிக்கூடக் குரூப்பில் வேன் கட்டணத்தைக் கூட்டிய அறிவிப்புக்கு ஒரு அப்பா 😡 போட்டார். நிர்வாகம் மட்டும் பார்க்கும் என்று நினைத்துப் போட்டது. இருநூறு பெற்றோரும் அவர் பெயரைப் பார்த்தார்கள். எழுதும் உரிமைக்கும் பார்க்கும் உரிமைக்கும் சம்பந்தம் கிடையாது. குரூப்பில் இருக்கிற அத்தனை பேரும் அந்த மெசேஜைத் தொட்டு, யார் என்ன போட்டார்கள் என்று பார்க்கலாம். உங்கள் நம்பரைச் சேமித்து வைக்காதவருக்கு நம்பரும், நீங்கள் வாட்ஸ்அப்பில் வைத்திருக்கும் பெயரும் தெரியும்.

இதை மறைக்க செட்டிங் எதுவும் இல்லை. கடைசியாக எப்போது வந்தேன் என்பதை மறைக்கலாம், நீல டிக்கை நிறுத்தலாம், எமோஜியை இன்னாருக்கு மட்டும் காட்டு என்று வைக்க முடியாது. நீல டிக்கை நிறுத்தி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: எமோஜி போட்ட நொடியில் நீங்கள் படித்துவிட்டீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கடன் கேட்டு வந்த மெசேஜைப் படிக்காதது போல வைத்திருந்து, கை தவறி 👍 விழுந்து, “சரின்னு சொல்லிட்டீங்கள்ல” என்று அடுத்த நாள் வீட்டு வாசலில் வந்து நின்ற கதை ஒன்று எனக்குத் தெரியும். கட்டைவிரலைச் சம்மதம் என்றுதான் நம் ஆட்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பணம், சொத்து, பெண் பார்க்கும் பேச்சு இவற்றில் 👍 தவறி விழுந்தால், எடுப்பதோடு விடாமல் “கை பட்டுருச்சு, யோசிச்சுச் சொல்றேன்” என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அங்கே மட்டும் விளக்கம் அவசியம்.

வேறு இடங்களில் யார் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருவர் மட்டும் பேசும் சாட்டில் அந்த இருவரும்தான். ஸ்டேட்டஸுக்கு நீங்கள் போடும் எமோஜி அதை வைத்தவருக்கு மட்டும் போகும், அதைப் பார்க்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. வாட்ஸ்அப் சேனலில் எண்ணிக்கைதான் தெரியும், யார் போட்டது என்று மற்ற ஃபாலோயர்களுக்குத் தெரியாது. சேனலில் பழகிய கை குரூப்பிலும் அதே தைரியத்தில் போட்டுவிடுவதுதான் பல சிக்கல்களுக்குக் காரணம். சித்திரைத் திருவிழா நேரத்தில் ஊர்ச் செய்தி சேனலில் பத்தாயிரம் இதயத்தோடு நம்முடையதும் ஒன்று. அதே படத்தைத் தெரு குரூப்பில் போட்டால், அங்கே நம் பெயர் எழுதிய இதயம்.

“கல்யாணப் பத்திரிகை போட்டேன், போன் அடங்கவே மாட்டேங்குது”

நீங்கள் அனுப்பிய மெசேஜுக்கு யார் எமோஜி போட்டாலும் உங்களுக்கு அறிவிப்பு வரும். செட்டிங்ஸில் `Notifications` போய், `Reaction notifications` என்பதை அணைத்துவிடுங்கள். தனிச் சாட்டுக்கு ஒன்றும் குரூப்புக்கு ஒன்றுமாக இரண்டு இடத்தில் இருக்கும், குரூப்புக்குரியதை மட்டும் அணைத்தால் போதும். எமோஜிகள் வழக்கம்போல மெசேஜுக்குக் கீழே சேர்ந்துகொண்டேதான் இருக்கும், சத்தம் மட்டும் நிற்கும்.

“டிஸ்பிளே போயிருச்சு, தொட்டா வேலை செய்யல, ஆனா எமோஜிய எடுக்கணும்”

முன்பே கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் இணைத்து வைத்திருந்தால் அங்கிருந்தே எடுக்கலாம். மெசேஜுக்குக் கீழே இருக்கும் எமோஜியைக் கிளிக் செய்தால் அதே பட்டியல் வரும், உங்கள் வரியைக் கிளிக் செய்தால் எடுபடும். இணைத்து வைக்கவில்லை என்றால் டிஸ்பிளே மாற்றும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அப்படி வருகிற போனை நான் வரிசையில் முன்னால் எடுத்துக்கொள்கிறேன். டிஸ்பிளே ஏறியதும் கடை மேஜையிலேயே அந்த மெசேஜைத் திறந்து, அவர் கையாலேயே எடுக்க வைத்து, கூட வந்தவர் போனில் பார்த்துவிட்டுத்தான் போனைக் கையில் கொடுப்பேன்.